அமைதிப்படை ஏன் சில இடங்களில் வெல்கிறது, சில இடங்களில் தோற்கிறது? சியரா லியோன் அனுபவத்தை முன்வைத்துக் கேள்விகளும் பதில்களும்

ஐ.நா. அமைதிப்படை என்றால் சண்டை போட்டு அமைதியைக் கொண்டுவரும் படைதானே?

இல்லை. சண்டையிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்த ஒப்புக்கொண்ட பிறகு, அந்த ஒப்பந்தம் உடையாமல் பார்த்துக்கொள்ள அனுப்பப்படும் படை அது. ஐ.நா.வுக்கென்று சொந்தப் படை கிடையாது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, கானா போன்ற நாடுகள் தங்கள் பட்டாலியன்களை அனுப்புகின்றன. அவர்கள் தங்கள் நாட்டுச் சீருடையோடு நீலத் தொப்பியோ நீலத் தலைக்கவசமோ அணிந்து, ஐ.நா. தளபதி ஒருவரின் கீழ் பணியாற்றுகிறார்கள்.

இந்தப் பணிக்கு மூன்று அடிப்படைகள் இருப்பதாக ஐ.நா. சொல்கிறது. சம்பந்தப்பட்ட தரப்பினரின் சம்மதம், பக்கச்சார்பின்மை, தற்காப்புக்கும் ஆணையைக் காப்பதற்கும் தவிர வேறெதற்கும் பலத்தைப் பயன்படுத்தாமை என்பவையே அவை. களத்தில் நடந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை சற்று வேறு விதமான மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. சம்மதம் உண்மையானதா, பாதுகாப்பு அவை தந்த ஆணை அந்த நாட்டின் நிலைமைக்குப் பொருந்துகிறதா, அந்த ஆணையை நிறைவேற்றும் அளவுக்கு ஆளும் தளவாடமும் பணமும் உண்டா என்பவையே அவை. இவற்றை மூன்று தனித்தனிக் காரணங்களாக எண்ணுவது தவறு. ஒன்று சரிந்தால் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டுதான் சரியும்.

உதாரணத்துக்கு எத்தனையோ நாடுகள் இருக்க, சியரா லியோனை ஏன் எடுக்கிறீர்கள்?

ருவாண்டாவில் 1994இல் படுகொலையைத் தடுக்க முடியாமல் போனது முழுத் தோல்வி. நமீபியாவில் 1989, 1990 ஆண்டுகளில் நடந்தது பெரும்பாலும் வெற்றி. இப்படி வெவ்வேறு நாடுகளை ஒப்பிடும்போது, வேறுபாட்டுக்கு அந்தந்த நாட்டின் வரலாறுதான் காரணம் என்று யாரும் சொல்லிவிடலாம். சியரா லியோனில் அப்படிச் சொல்ல வழியில்லை. அங்கே ஒரே நாட்டில், ஒரே பெயருடைய படை, ஒரே கிளர்ச்சி இயக்கத்துக்கு எதிரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் ஏறக்குறைய நொறுங்கிப்போனது. 2002 ஜனவரியில் அதே படை நாடு முழுவதும் ஆயுதக் களைவை முடித்துக் காட்டியது. இடைப்பட்ட இருபது மாதங்களில் என்ன மாறியது என்று பார்த்தாலே இந்தப் பக்கத்தின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள இந்தச் சிறிய நாட்டில் 1991 மார்ச்சில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. புரட்சிகர ஐக்கிய முன்னணி என்ற இயக்கம், சுருக்கமாக ஆர்.யு.எஃப்., லைபீரிய எல்லை வழியாக உள்ளே வந்தது. அதன் தலைவர் ஃபோடே சங்கோ. அவருக்குப் பின்னால், லைபீரியாவில் கிளர்ச்சித் தலைவராக இருந்து பின்னர் ஜனாதிபதியான சார்லஸ் டெய்லர் இருந்தார். கிழக்கிலுள்ள கோனோ மாவட்டத்து வைரங்கள் ஆயுதங்களாக மாறின. பொதுமக்களின் கைகளை வெட்டிய கொடுமையால்தான் உலகம் இந்தப் போரை அறிந்தது. 1999 ஜனவரியில் கிளர்ச்சியாளர்கள் தலைநகர் ஃப்ரீடவுனுக்குள்ளேயே புகுந்தார்கள். நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப்படை அவர்களை வெளியே தள்ளியது. அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, டோகோவின் தலைநகர் லோமேயில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஒப்பந்தத்தில் சங்கோவே கையெழுத்துப் போட்டாரே, அது சம்மதம் இல்லையா?

கையெழுத்து இருந்தது, சம்மதம் இல்லை. லோமே ஒப்பந்தம் சங்கோவுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. துணை ஜனாதிபதிக்கு நிகரான தகுதியையும், வைரம் உள்ளிட்ட கனிமவளங்களை நிர்வகிக்கும் ஆணையத்தின் தலைவர் பதவியையும் கொடுத்தது. எந்த வைரத்துக்காகப் போர் நடந்ததோ அந்த வைரத்தின் சாவி அவர் கையிலேயே தரப்பட்டது. போரைத் தொடர்வதற்கும் நிறுத்துவதற்கும் இடையே அவர் எதையும் இழக்க வேண்டியிருக்கவில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாத ஒருவரின் சம்மதத்துக்கு எடை கிடையாது.

சம்மதத்துக்குப் பல அடுக்குகள் உண்டு. மேசையில் தலைவர் தருவது ஒன்று. ஊரில் சாலைத் தடுப்பைக் காவல் காக்கும் உள்ளூர்த் தளபதி தருவது இன்னொன்று. எல்லைக்கு அப்பாலிருந்து ஆயுதமும் பணமும் அனுப்புகிறவர் தருவது மூன்றாவது. லோமேயில் முதல் அடுக்கு மட்டுமே, அதுவும் அரைமனதாகக் கிடைத்தது. மகேனியிலும் கைலாஹுனிலும் இருந்த தளபதிகளுக்குத் துப்பாக்கியை ஒப்படைத்தால் தங்கள் கதி என்னவாகும் என்ற அச்சம் இருந்தது. டெய்லருக்கோ வைர வரவு நின்றுபோவதில் எந்த விருப்பமும் இல்லை.

படையின் ஆணை பலவீனமாக இருந்ததா?

காகிதத்தில் அது பலமாகவே இருந்தது. 1999 அக்டோபரில் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1270ஆம் தீர்மானம் யு.என்.ஏ.எம்.எஸ்.ஐ.எல். என்ற படையை உருவாக்கியது. உடனடி வன்முறை ஆபத்தில் இருக்கும் பொதுமக்களைக் காக்கும் பொறுப்பு, பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஐ.நா. சாசனத்தின் ஏழாவது அத்தியாயத்தின் கீழ் ஓர் அமைதிப்படைக்கு வெளிப்படையாகத் தரப்பட்டது அதுவே முதல் முறை. ருவாண்டாவின் நினைவு அந்த வரிக்குப் பின்னால் இருந்தது. ஆனால் அந்தப் பொறுப்போடு ஒரு நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. படை தன் திறனுக்கு உட்பட்டு, தான் நிறுத்தப்பட்ட பகுதிகளில் மட்டும் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் அது.

திறன் எவ்வளவு என்று பார்த்தால் முதலில் அனுமதிக்கப்பட்டது 6,000 பேர். எல்லோரும் ஒப்பந்தத்தை மதித்து வரிசையில் நின்று துப்பாக்கியை ஒப்படைப்பார்கள் என்ற கணக்கில் போடப்பட்ட எண்ணிக்கை அது. ஆணை கடினமான நிலைமையை எண்ணி எழுதப்பட்டிருக்க, படை எளிதான நிலைமையை எண்ணி அமைக்கப்பட்டிருந்தது. வீரர்களை அனுப்பிய அரசுகளிலும் பல, தங்கள் பிள்ளைகள் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கப் போகிறார்கள் என்றே எண்ணியிருந்தன. பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் ஆணை கையில் இருப்பதும், அதைப் பயன்படுத்தத் தயாராக ஒரு பட்டாலியன் வந்திருப்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் 2000 மே மாதம் உண்மையில் என்னதான் நடந்தது?

ஏப்ரல் கடைசியில், மகேனி நகருக்கு அருகில் இருந்த ஆயுதக் களைவு முகாமுக்குப் பத்து ஆர்.யு.எஃப். போராளிகள் வந்து துப்பாக்கிகளை ஒப்படைத்தார்கள். அவர்கள் தங்கள் தளபதிகளிடம் அனுமதி கேட்கவில்லை. மே 1ஆம் தேதி ஆயுதம் தாங்கிய கூட்டம் ஒன்று அங்கே வந்து, அந்தப் பத்துப் பேரையும் அவர்களுடைய ஆயுதங்களையும் திருப்பித் தரும்படி கேட்டது. அமைதிப்படை மறுத்தது. தகராறு தாக்குதலாக மாறியது. மகேனியிலும் மக்புரக்காவிலும் இருந்த கென்ய வீரர்கள் சுற்றிவளைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள்.

உதவிக்கு அனுப்பப்பட்டது சாம்பியாவின் பட்டாலியன். நாட்டுக்குள் வந்து சில நாட்களே ஆன படை அது. நிலத்தை அவர்கள் அறியவில்லை, முன்னால் என்ன நடக்கிறது என்ற நம்பகமான தகவலும் அவர்களுக்கு இல்லை. போகும் வழியிலேயே அவர்கள் கவச வண்டிகளோடு பிடிபட்டார்கள். சில நாட்களில் பிணைபிடிக்கப்பட்ட அமைதிப்படையினர் எண்ணிக்கை 500ஐ நெருங்கியது. பெரும்பாலானவர்கள் பின்னர் லைபீரியா வழியாக, டெய்லரின் தலையீட்டால் விடுவிக்கப்பட்டார்கள். கிளர்ச்சியின் சூத்திரக் கயிறு யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதே நாட்களில் உடன் நிகழ்ந்த இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நைஜீரியா தலைமையிலான மேற்கு ஆப்பிரிக்கப் படை சரியாக அதே மே மாதத் தொடக்கத்தில்தான் தன் வெளியேற்றத்தை முடித்தது. ஆர்.யு.எஃப். அஞ்சிய படை போய்விட்டது, அது அஞ்சாத படை வைரப் பகுதிகளின் வாசலுக்கு வந்துவிட்டது. அவர்கள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

கைலாஹுனில் இந்திய வீரர்கள் முற்றுகையில் இருந்தார்களாமே, அதைச் சொல்லுங்கள்.

கைலாஹுன் லைபீரிய எல்லையை ஒட்டிய சிறு நகரம். ஆர்.யு.எஃப்.பின் பிறப்பிடம் என்றே அதைச் சொல்லலாம். கூர்க்கா ரைஃபிள்ஸ் பட்டாலியன் ஒன்றின் இரண்டு கம்பெனிகள் அங்கே நிறுத்தப்பட்டிருந்தன. பட்டாலியனின் மற்றவர்கள் தாரு என்ற ஊரில் இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே காட்டை ஊடுருவிச் செல்லும் மண்சாலை, அதில் கிளர்ச்சியாளர்களின் தடுப்புகள். மே தொடக்கத்தில் 222 இந்திய வீரர்களும் 11 ராணுவப் பார்வையாளர்களும் அங்கே சூழப்பட்டார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கும்படி வந்த கோரிக்கையை அவர்கள் ஏற்கவில்லை. 75 நாட்கள் அப்படியே கழிந்தன. கையிருப்பு உணவு குறைந்துகொண்டே வந்தது.

படைத்தளபதியாக இருந்த இந்திய மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜெட்லி முதலில் பேச்சுவார்த்தையையே நம்பினார். அது பலனளிக்காதபோது ஜூலை 15ஆம் தேதி ‘ஆபரேஷன் குக்ரி’ தொடங்கியது. கொட்டும் மழைக்காலம் அது. பிரிட்டிஷ் சினூக் ஹெலிகாப்டர்கள் இரண்டு முதலில் இறங்கிப் பார்வையாளர்களையும் நோயுற்றவர்களையும் ஏற்றிச் சென்றன. முற்றுகையில் இருந்த கூர்க்கா வீரர்கள் உள்ளிருந்து வெளியே உடைத்துக்கொண்டு வந்தார்கள். தாருவிலிருந்து இன்னொரு படைத்தொடர் அவர்களை நோக்கி நகர்ந்தது. இந்திய எம்.ஐ.-35 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் மேலிருந்து வழியமைத்தன. நைஜீரிய, கானா பட்டாலியன்களும் பங்கெடுத்தன. மறுநாள் எல்லோரும் தாருவை அடைந்தார்கள். இந்திய வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

இதை வீரக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆணை அதே ஆணைதான். அதைப் பயன்படுத்தும் வலு கிடைக்க 75 நாட்கள் ஆயின. ஹெலிகாப்டர்களும் பயிற்சி பெற்ற கமாண்டோக்களும் வந்த பிறகுதான் அந்தத் தீர்மானத்தின் வரிகளுக்கு உயிர் வந்தது. மே 1ஆம் தேதியே அவை அங்கே இருந்திருந்தால் கென்ய வீரர்களின் நிலை வேறாக இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

போதிய வளம் இல்லை என்று எல்லாத் தோல்விக்கும் சொல்கிறார்களே, இங்கே எது குறைந்தது?

தலைக்கவசத்திலிருந்தே தொடங்கலாம். அல்ஜீரியாவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் லக்தர் பிராஹிமி தலைமையிலான குழு 2000 ஆகஸ்டில் தந்த அறிக்கை, அமைதிப்படைகள் எந்த நிலையில் களத்துக்கு வந்து சேர்கின்றன என்பதை ஒளிக்காமல் எழுதியது. சில பிரிவுகள் துப்பாக்கி இல்லாமல் வந்தன. துப்பாக்கி இருந்த சிலருக்குத் தலைக்கவசம் இல்லை. தலைக்கவசம் இருந்தவர்களுக்குக் குண்டு துளைக்காத உடுப்பு இல்லை. வேறு சிலருக்குச் சொந்த லாரிகளே இல்லை. லாரி இல்லாத பட்டாலியன், நிறுத்தப்பட்ட ஊரைவிட்டு நகர முடியாது. பத்து மைல் தள்ளி ஒரு கிராமம் எரிந்தால் புகையைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது தலை எண்ணிக்கை. 2000 பிப்ரவரியில் பாதுகாப்பு அவை உச்சவரம்பை 11,100 ஆக உயர்த்தியது. மே மாத நெருக்கடி வந்தபோது அத்தனை பேரும் வந்து சேர்ந்திருக்கவில்லை. செய்தித்தாளில் நாம் படிக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை. களத்தில் நிற்பவர்கள் எப்போதும் அதைவிடக் குறைவு. அவர்களிலும் சமையல், போக்குவரத்து, மருத்துவம், அலுவலகம் ஆகியவற்றுக்குப் போனவர்களைக் கழித்தால், சாலையில் ரோந்து போகிறவர்கள் இன்னும் குறைவு.

மூன்றாவது குறை தகவல். எதிரே இருப்பவர்கள் எத்தனை பேர், யார் சொல்வதைக் கேட்பார்கள், எந்தச் சாலை மறிக்கப்பட்டிருக்கிறது என்று முன்கூட்டியே அறியும் ஏற்பாடு படையிடம் மிகக் குறைவாக இருந்தது. சாம்பியப் பட்டாலியன் பிடிபட்டதற்கு இதுவே நேரடிக் காரணங்களில் ஒன்று.

பாதுகாப்பு அவை முடிவெடுத்த பிறகும் ஆட்களும் பணமும் ஏன் வருவதில்லை?

முடிவெடுப்பவர், பணம் தருபவர், உயிரைப் பணயம் வைப்பவர் ஆகிய மூவரும் வேறுவேறு என்பதால்தான். பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்கள் ஆணையை எழுதுகிறார்கள். வரவு செலவை எல்லா நாடுகளும் அமர்ந்திருக்கும் பொதுச் சபை அங்கீகரிக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு விதிக்கப்படுகிறது, பணக்கார நாடுகளும் நிரந்தர உறுப்பினர்களும் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பங்கைக் காலத்தில் கட்டாத நாடுகள் உண்டு. வீரர்களை அனுப்பும் நாடுகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் ஐ.நா. ஈடு செய்ய வேண்டும், கொண்டுவரும் வண்டிகளுக்கும் தளவாடத்துக்கும் தனியாக ஈடு உண்டு. பங்குப்பணம் வராவிட்டால் அந்த ஈடும் தாமதமாகும். சுமை கடைசியில் தெற்காசிய, ஆப்பிரிக்க அரசுகளின் தலையில் விழும்.

ஆணையை எழுதும் மேசையில் வீரர்களை அனுப்பும் நாடுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. 2000 செப்டம்பரில் இந்தியா தன் 3,000 பேர் கொண்ட பிரிவைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. தலைமையகத்தில் தளபதி ஜெட்லிக்கும் நைஜீரியத் தரப்புக்கும் இடையே வெளிப்பட்ட கசப்பு அப்போது பெரும் செய்தியாக இருந்தது. ஜோர்டானும் வெளியேறியது. பொதுச்செயலாளர் 20,500 பேர் வேண்டும் என்று கேட்டிருந்த நேரத்தில், இருந்தவர்களே போகத் தொடங்கினார்கள். அந்த இடத்தை நிரப்ப வங்கதேசத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பெரிய பிரிவுகள் வந்து சேர 2001 வரை ஆனது.

பிராஹிமி அறிக்கை இதற்கு ஒரு தீர்வு சொன்னது. வீரர்களுக்கான உறுதிமொழி கையில் வரும்வரை பெரிய படைக்கான தீர்மானத்தை வரைவாகவே வைத்திருங்கள் என்றது. பாதுகாப்பு அவை கேட்க விரும்புவதை அல்ல, அது அறிய வேண்டியதையே அதிகாரிகள் சொல்ல வேண்டும் என்றும் எழுதியது. இரண்டும் இன்றுவரை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

பிறகு எது மாறியதால் அதே படை வென்றது?

முதலில் ஆர்.யு.எஃப்.பின் கணக்கு மாறியது. மே மாதமே பிரிட்டன் சுமார் 800 வீரர்களை ஃப்ரீடவுனிலும் லுங்கி விமான நிலையத்திலும் இறக்கியது. அவர்கள் ஐ.நா. தளபதியின் கீழ் வரவில்லை, ஆனால் தலைநகர் விழாது என்ற உறுதியைத் தந்தார்கள். மே 8ஆம் தேதி சங்கோவின் வீட்டின் முன் கூடிய மக்கள்மீது அவருடைய ஆட்கள் சுட்டதில் பலர் இறந்தார்கள். தப்பியோடிய சங்கோ மே 17ஆம் தேதி பிடிபட்டார். ஜூலையில் சான்றிதழ் இல்லாத சியரா லியோன் வைரங்களுக்குத் தடை வந்தது. 2001 தொடக்கத்தில் எல்லை தாண்டித் தாக்கிய ஆர்.யு.எஃப். பிரிவுகள் கினி நாட்டு ராணுவத்திடம் கடுமையாக அடிவாங்கின. 2001 மார்ச்சில் லைபீரியாமீது விதிக்கப்பட்ட தடைகள் மே மாதம் நடைமுறைக்கு வந்தன. மூன்றாவது அடுக்குச் சம்மதம், அதாவது டெய்லருடையது, இப்படித்தான் விலைபேசப்பட்டது.

அதோடு சேர்ந்து படையும் வளர்ந்தது. 2001 மார்ச்சில் உச்சவரம்பு 17,500 ஆனது, அப்போது உலகிலேயே பெரிய அமைதிப்படை அதுதான். கென்யாவின் லெப்டினன்ட் ஜெனரல் டேனியல் ஒபாண்டே தளபதியானார். ஆர்.யு.எஃப்.பின் இடைக்காலத் தலைவரான இசா சேசேயோடு நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் 2000 நவம்பரிலும் 2001 மேயிலும் நடந்த பேச்சுகளில் சண்டைநிறுத்தமும் ஆயுதக் களைவு முறையும் முடிவாயின. கவனித்துப் பாருங்கள், லோமேயில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பின்னர் படை அனுப்பப்பட்டது. இங்கே படை பலமான பிறகு சம்மதம் வந்தது. அந்தச் சம்மதமும் தலைவரிடம் நிற்காமல் ஊர்த் தளபதிகள்வரை இறங்கியது.

இதில் ஐ.நா.வின் பங்கைக் கூட்டிச் சொல்லக்கூடாது. பிரிட்டனும் கினியும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று நான் ஐயப்படுகிறேன். ஆனால் அவர்கள் மட்டும் இருந்திருந்தாலும் நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் முகாம் அமைத்து ஆயுதம் வாங்கியிருக்க முடியாது.

ஆயுதக் களைவு நடைமுறையில் எப்படி நடக்கிறது? ஒளித்துவைத்துக்கொள்ள மாட்டார்களா?

அச்சம்தான் இதில் பெரிய தடை. நான் முதலில் கொடுத்துவிட்டால் எதிரி என்னைக் கொல்வானே என்று இரு தரப்பும் காத்திருக்கும். 2001 மே மாதம் இதற்கு எளிமையான வழி ஒன்று கையாளப்பட்டது. மாவட்டங்களை இரண்டிரண்டாக எடுத்து, ஆர்.யு.எஃப்.பும் அரசு ஆதரவுக் குடிமக்கள் படையும் ஒரே காலத்தில் ஆயுதம் தர ஏற்பாடு செய்தார்கள். முதலில் கம்பியாவும் போர்ட் லோக்கோவும் முடிந்தன. பின்னர் வைர மாவட்டமான கோனோவுக்கு இணையாகக் கடலோர மாவட்டமான போந்தே எடுக்கப்பட்டது. ஆர்.யு.எஃப்.பின் கோட்டையான கைலாஹுன் கடைசிக் கட்டத்தில் வந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இரு தரப்பும் அமைதிப்படையும் ஒன்றாக அமர்ந்து சரிபார்த்த பிறகே அடுத்த மாவட்டத்துக்குப் போனார்கள்.

முகாமுக்கு வருகிறவர் உண்மையில் போராளிதானா என்று அறிய, துப்பாக்கியைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லும் சோதனை இருந்தது. ஆயுதம் வாங்கி, பதிவு செய்து, அடையாள அட்டை தந்து, மறுவாழ்வுத் திட்டத்துக்கு அனுப்பினார்கள். 75,000க்கும் மேற்பட்டோர் இப்படிப் பதிவானார்கள், அவர்களில் ஏறத்தாழ 6,800 பேர் சிறுவர்கள். 42,000க்கும் அதிகமான ஆயுதங்கள் பெறப்பட்டன. ஆட்களின் எண்ணிக்கைக்கும் ஆயுதங்களின் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியே உங்கள் ஐயத்துக்குப் பாதி விடை சொல்கிறது. பலர் குழுவாக ஓர் ஆயுதத்தோடு வந்தார்கள், சில ஆயுதங்கள் எல்லை தாண்டியும் போயின.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் குறை வேறொன்று. துப்பாக்கிச் சோதனையை வைத்துப் போராளியை அடையாளம் கண்டதால், கடத்தப்பட்டுச் சமையலுக்கும் சுமை தூக்கவும் பாலியல் அடிமைகளாகவும் வைக்கப்பட்டிருந்த சிறுமிகளில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்குள் வரவே இல்லை. அவர்களுக்கு அட்டையும் இல்லை, உதவியும் இல்லை.

இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையும் இதே வகைதானா?

அது ஐ.நா. படை அல்ல. 1987 ஜூலை 29ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட இருதரப்பு ஒப்பந்தத்தின்படி சென்ற ஒரே நாட்டுப் படை. ஆனாலும் தமிழில் அமைதிப்படை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு அதுவே நினைவுக்கு வருவதால், இங்கே சொன்ன அளவுகோலை அதற்கும் வைத்துப் பார்ப்பது பொருத்தம்.

ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய விடுதலைப் புலிகள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தரப்பாக இல்லை. சம்மதத்தின் முதல் அடுக்கே அங்கே குறைவு. அக்டோபரில் இந்தியப் படை புலிகளோடு போரில் இறங்கியபோது, அமைதி காக்கும் பணி ஒரு தரப்பை நிராயுதபாணியாக்கும் போராக மாறிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பொதுமக்கள் அதற்குக் கொடுத்த விலை அவர்கள் நெஞ்சில் இன்றும் ஆறாமல் இருக்கிறது. இந்தியத் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தார்கள். 1989இல் இலங்கை அரசும், ஜனாதிபதி பிரேமதாசா வாயிலாக, படை வெளியேற வேண்டும் என்றது. 1990 மார்ச்சில் கடைசி வீரர்கள் திரும்பினார்கள். அங்கே ஆளுக்கோ தளவாடத்துக்கோ பெரிய பஞ்சம் இருக்கவில்லை. வளம் இருந்தாலே போதும் என்று எண்ணுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரசாங்கம் பாதியில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் ஐ.நா. என்ன செய்யும்?

வெளியேறும். 1967 மே மாதம் எகிப்து கேட்டுக்கொண்டதும் சினாயிலும் காசாவிலும் இருந்த ஐ.நா. படை விலகத் தொடங்கியது. அதன் தளபதியாக இருந்தவர் இந்தியாவின் இந்தர் ஜித் ரிக்யே. வீரர்கள் முழுவதும் வெளியேறும் முன்பே ஜூன் 5ஆம் தேதி போர் மூண்டுவிட்டது, காசாவில் இருந்த இந்திய வீரர்கள் சிலர் அதில் உயிரிழந்தார்கள். அண்மையில் மாலி அரசு 2023 ஜூனில் இதேபோல் கேட்டது. பத்து ஆண்டுகளாக அங்கிருந்த படை அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் தன் பணியை முடித்துக்கொண்டு விலகியது. ஏழாவது அத்தியாயத்தின் கீழ் ஆணை இருந்தும் அதனால் தங்கியிருக்க முடியவில்லை. ஓர் அரசு விரும்பாத மண்ணில் தண்ணீர் லாரிகூட ஓட்ட முடியாது. விசா, சுங்க அனுமதி, விமானம் பறக்க அனுமதி எல்லாம் அந்த அரசிடம்தான் இருக்கின்றன.

ஒரு படை தடுமாறப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிய அடையாளம் உண்டா?

நடமாட்டத்தைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் சுருங்கும். ஒரு குறிப்பிட்ட சாலையில் ரோந்து திருப்பி அனுப்பப்படுகிறது, பாதுகாப்புக் காரணம் என்கிறார்கள். அடுத்த வாரம் இன்னொரு சாலை மூடப்படுகிறது. பிறகு ஹெலிகாப்டருக்கு அனுமதி தாமதமாகிறது. 2000இன் தொடக்க மாதங்களில் சியரா லியோனில் அமைதிப்படை சாலைத் தடுப்புகளில் மறித்து நிறுத்தப்பட்டது, கினியிலிருந்து வந்துகொண்டிருந்த பிரிவு ஒன்று வழியில் தன் ஆயுதங்களையே பறிகொடுத்தது. அவற்றுக்குப் பதிலடி இல்லை என்று கண்ட பிறகே ஆர்.யு.எஃப்.புக்கு மே மாதத் துணிவு வந்தது.

இன்னொரு அடையாளம் ஆணையின் நீளம். நெருக்கடி கூடும்போது, ஆட்களைச் சேர்க்காமல் தீர்மானத்தில் பணிகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் அது கவலைக்குரியது. இதற்கு நேர்மாறானதும் நடந்ததுண்டு. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் படுகொலை தொடங்கி இரண்டு வாரங்களில், 2,500 பேருக்கு அனுமதியிருந்த படையைப் பாதுகாப்பு அவை 270 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. படைத்தளபதி ரோமியோ டலேர் கேட்டிருந்தது கூடுதல் வீரர்களை.

சியரா லியோனில் படை எப்போது, எப்படிக் கிளம்பியது?

2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. மே மாதத் தேர்தலில் ஜனாதிபதி கப்பா மீண்டும் வென்றார், ஆர்.யு.எஃப்.பின் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. பல இடங்களில் தேர்தல் முடிந்ததும் படைகள் கிளம்பிவிடும், அதனால் பட்ட துன்பங்கள் உண்டு. இங்கே மூன்றரை ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். நாட்காட்டியைப் பார்த்துக் குறைக்காமல், ஒரு மாவட்டத்தில் உள்ளூர்க் காவல்துறை பொறுப்பேற்க முடிகிறதா என்று பார்த்து அந்த மாவட்டத்தை விட்டார்கள். போரில் சிதைந்த காவல்துறையை 9,500 பேராக உயர்த்துவது இலக்காக வைக்கப்பட்டது. எல்லையை ஒட்டிய கிழக்கு மாவட்டங்களைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். 2003இல் டெய்லர் பதவி விலகி, லைபீரியாவிலும் ஐ.நா. படை இறங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் கவலை குறைந்தது.

2005 டிசம்பர் 31ஆம் தேதி ஆணை முடிந்தது. 2009இல் சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றம், இசா சேசே உள்ளிட்ட ஆர்.யு.எஃப். தளபதிகள் மூவரை மற்றக் குற்றங்களோடு சேர்த்து, 2000 மே மாதம் அமைதிப்படையினரைத் தாக்கிய குற்றத்துக்காகவும் தண்டித்தது. சேசேவுக்கு 52 ஆண்டுகள் சிறை. சங்கோ தீர்ப்புக்கு முன்பே 2003இல் காவலில் இறந்துபோனார்.